கரடுமுரடான தரையில் பெட்டியை எந்தக் கோணத்தில் இழுத்தால் பலம் குறைவாகத் தேவைப்படும்? அளந்து, கயிறு வெட்டி, இழுக்கும் வரை

கனமான மரப்பெட்டியைத் தரையோடு தரையாக இழுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு தவறைச் செய்கிறார்கள். ஒன்று, குனிந்து கயிற்றைப் படுக்கையாகப் பிடித்து இழுப்பார்கள். இல்லையென்றால், பெட்டிக்கு அருகிலேயே நின்று குட்டைக் கயிற்றை மேல்நோக்கிச் சுண்டுவார்கள். பலம் மிகக் குறைவாகத் தேவைப்படும் கோணம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அது எங்கே என்பதைத் தரையின் சுரசுரப்பு முடிவு செய்கிறது, பெட்டியின் எடை அல்ல. அதை அரை மணி நேரத்தில் அளந்துவிடலாம். பள்ளிக் கணக்கு அளவுக்குத் தெரிந்தால் போதும்.

கீழே எல்லாப் படிகளுக்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். பம்ப்செட் வைத்த ஒரு மரப்பெட்டி, நீளம் 60 செ.மீ. நெல் காயவைக்கும் சிமெண்ட் களம், மேல்பூச்சு பெயர்ந்து சுரசுரப்பாக இருக்கிறது. பெட்டியை அங்கிருந்து வண்டி நிற்கும் இடம் வரை இழுக்க வேண்டும். விசையைத் தராசு காட்டும் கிலோவிலேயே சொல்கிறேன். நியூட்டனில் வேண்டுபவர்கள் 9.8-ஆல் பெருக்கிக்கொள்ளலாம், கோணம் மாறாது.

## 1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு தொங்கு தராசு வேண்டும். பயணப் பெட்டி நிறுக்கும் 50 கிலோ தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. முள் காட்டும் தராசு கிடைத்தால் அதை வாங்குங்கள். டிஜிட்டல் தராசில் பல, எண் நிலையாக நின்றால்தான் காட்டும். பெட்டி நகரும் அந்த நொடியின் எண் நமக்குத் தேவை என்பதால் அது தொல்லை தரும்.

கயிறு 12 மி.மீ. தடிமனில் 6 மீட்டர். இந்த வேலைக்கு இதைவிட மெல்லிய கயிறே தாங்கும், ஆனால் மெல்லிய கயிறு உள்ளங்கையை அறுக்கும். நைலான் கயிறாக இருக்க வேண்டாம். அது ரப்பர் போல நீண்டு, பெட்டி விடுபட்டதும் சட்டென்று சுருங்கும். பெட்டி குதித்துக் குதித்து வரும், தராசு முள்ளும் ஆடும்.

இவற்றோடு அளவு நாடா, சாக்கட்டி, ஒரு தாள். தாளில் கடைசியில் நான்கு எண்கள் இருக்க வேண்டும்: பெட்டியின் எடை, எடைமையம் இருக்கும் இடம், நகரத் தொடங்கும் விசை, நகர்ந்துகொண்டிருக்கும்போது வேண்டிய விசை.

## 2. பெட்டியின் எடையைத் தூக்காமலே காணுங்கள்

பெட்டியை முழுதாகத் தொங்கவிடத் தேவையில்லை. ஒரு முனையின் அடிவிளிம்பில் கயிறு கோத்து, தராசை மாட்டி, அந்த முனை தரையை விட்டு ஒரு விரல் அளவு எழும் வரை நேராக மேலே தூக்குங்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு மறுமுனையிலும் அப்படியே செய்யுங்கள். இரண்டையும் கூட்டினால் மொத்த எடை. உள்ளே இருக்கும் பொருள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலும் கூட்டுத்தொகை சரியாகவே வரும்.

நம் பெட்டியில் ஒரு முனை 44, மறுமுனை 36. மொத்தம் 80 கிலோ.

இந்த இரண்டு எண்களே எடைமையத்தையும் சொல்லிவிடும். 44 காட்டிய முனைதான் கனமான முனை. லேசான முனையிலிருந்து எடைமையம் இருக்கும் தூரம் 60 × 44 ÷ 80 = 33 செ.மீ. பெட்டியின் பக்கவாட்டில் அந்த இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு வையுங்கள், 6-ஆம் படியில் வேண்டும்.

லேசான முனையை முன்னால் வைத்துத்தான் இழுக்க வேண்டும். கனமான முனை முன்னால் இருந்தால் அது தரையின் ஒவ்வொரு பிசிறிலும் முட்டி நிற்கும்.

## 3. தரையின் பிடிப்பை அளந்துகொள்ளுங்கள்

பெட்டியின் முன்பக்கத்தில் அடியை ஒட்டிக் கயிற்றைக் கட்டி, மறுமுனையில் தராசை மாட்டுங்கள். கயிறு முழு நீளத்துக்கும் இருக்கட்டும். முழங்கால் உயரத்துக்குக் கீழே தராசைப் பிடித்து, கயிறு தரைக்கு ஏறக்குறைய இணையாக இருக்கும்படி மெல்ல மெல்ல இழுங்கள். நீண்ட கயிற்றில் கை 30 செ.மீ. உயர்ந்துவிட்டாலும் பிழை ஒரு கிலோ அளவில்தான் இருக்கும். ஒருவருக்குப் பலம் போதாவிட்டால் இருவர் பிடியுங்கள். இன்னொருவர் முள்ளைக் கைபேசியில் படம் பிடிக்கட்டும், பிறகு மெதுவாக ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

பெட்டி அசையும் வரை முள் ஏறிக்கொண்டே போகும். அசைந்ததும் சட்டென்று இறங்கி ஒரு இடத்தில் நின்று ஆடும். ஏறிய உச்சம் ஒரு எண், இறங்கி நிற்பது இன்னொரு எண்.

ஒரே முறை அளந்து விட்டுவிடாதீர்கள். கரடான தரையில் இடத்துக்கு இடம் பிடிப்பு மாறும். பெட்டி போகும் வழியிலேயே ஐந்து இடங்களில் அளந்து, மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் தள்ளிவிட்டு, மீதி மூன்றின் சராசரியை எடுங்கள். எடுத்துக்காட்டில் 38, 40, 43, 39, 41 என்று வந்தால் 39, 40, 41 மிஞ்சும். சராசரி 40. ஓடும்போது 32 என்று வைத்துக்கொள்வோம்.

இழுவிசையை எடையால் வகுத்தால் வருவதுதான் உராய்வுக் குணகம். நகரத் தொடங்க 40 ÷ 80 = 0.5. ஓடும்போது 32 ÷ 80 = 0.4.

ஒரு முனையைத் தூக்கும்போதோ இழுக்கும்போதோ தராசு 50 கிலோவைத் தாண்டினால்? உள்ளே இருப்பதை இறக்கிவிட்டு வெறும் பெட்டியை நிறுத்து, வெறும் பெட்டியையே இழுத்து அளந்தால் போதும். கெட்டியான தரையில் எடை குறைந்தால் உராய்வும் அதே விகிதத்தில் குறையும், குணகம் மாறாது. வெறும் பெட்டி 12 கிலோ என்றால் ஏறக்குறைய 6 கிலோவில் நகரும். பெட்டி புதையும் மண்ணில் மட்டும் இந்தக் குறுக்குவழி செல்லாது, அதைக் கடைசியில் பார்ப்போம்.

## 4. கோணத்தைக் காணுங்கள்

விதி ஒரே வரி:

```
tan θ = μ
```

θ என்பது கயிறு தரையோடு செய்யும் கோணம், μ என்பது மேலே கண்ட குணகம். கோணமானியோ கைபேசிச் செயலியோ கூட வேண்டாம். tan என்றாலே கயிறு முன்னால் போகும் தூரத்துக்கு எவ்வளவு உயர்கிறது என்பதுதான். குணகம் 0.5 என்றால், கயிறு ஒரு மீட்டர் முன்னால் போகும்போது அரை மீட்டர் உயர வேண்டும். அவ்வளவுதான். டிகிரியில் சொன்னால் 26.6.

ஏன் இப்படி என்பதையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பின்னால் வரும் எச்சரிக்கைகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன. கயிறு சாய்வாக மேலே போனால் அதன் இழுப்பு இரண்டு வேலை செய்கிறது: ஒரு பங்கு பெட்டியை முன்னே இழுக்கிறது, இன்னொரு பங்கு அதை மேலே தாங்குகிறது. தாங்கிய அளவுக்குத் தரையின் மேலுள்ள அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் உராய்வும் குறையும். கயிற்றைக் கொஞ்சம் உயர்த்தும்போது முன்னே இழுக்கும் பங்கில் இழப்பது அற்பம், உராய்வில் லாபம் அதிகம். உயர்த்திக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் இழப்பு லாபத்தைத் தாண்டிவிடும். இரண்டும் சமமாகும் இடம்தான் tan θ = μ. தேவையான இழுவிசை P, பெட்டியின் எடை W என்றால்:

```
P = μW / (cos θ + μ sin θ)
```

இந்தக் கணக்கில் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. தரையின் எதிர்விசையை எடைக்குச் சமம் என்று எழுதிவிடுவார்கள். படுக்கையாக இழுத்தால்தான் அது சரி. சாய்வாக இழுத்தால் எதிர்விசை W − P sin θ. இந்தக் கழித்தலை விட்டுவிட்டால் கோணம் 0 தான் சிறந்தது என்று விடை வரும். அப்படி ஒரு விடை வந்தால் தவறு எங்கே என்று தேட வேண்டாம், இங்கேதான்.

நம் பெட்டிக்கு விடை 35.8 கிலோ. படுக்கையாக இழுத்தால் 40. நூற்றுக்குப் பத்துக்குச் சற்று மேல் மிச்சம்.

இந்த மிச்சம் தரையைப் பொறுத்து வெகுவாக மாறும். குணகம் 0.3 ஆன வழவழப்பான தரையில் 4 விழுக்காடுதான் மிஞ்சும், அதற்காக மெனக்கெட வேண்டியதில்லை. 0.7-இல் 18 விழுக்காடு. குணகம் 1 வந்துவிட்டால் கோணம் 45 டிகிரி, மிச்சம் 29 விழுக்காடு. தரை எவ்வளவு மோசமோ அவ்வளவுக்குக் கோணம் கைகொடுக்கும்.

## 5. கோணம் சற்றுத் தவறினால் என்ன ஆகும்?

இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கவலை போய்விடும். 80 கிலோ பெட்டி, குணகம் 0.5:

| கயிற்றின் கோணம் | தேவையான இழுப்பு (கிலோ) |
|---|---|
| 0° | 40.0 |
| 10° | 37.3 |
| 20° | 36.0 |
| 26.6° | 35.8 |
| 30° | 35.8 |
| 40° | 36.8 |
| 53° | 40.0 |
| 60° | 42.9 |

20-க்கும் 30-க்கும் நடுவில் எங்கே பிடித்தாலும் கால் கிலோ கூட வித்தியாசமில்லை. சரியான கோணத்திலிருந்து 10 டிகிரி விலகினால் ஒன்றரை விழுக்காடு கூடும், 20 டிகிரி விலகினால் 6 விழுக்காடு. ஆகவே 26.6 என்று தசமத்தைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். குணகத்தை அளப்பதில் சின்னப் பிழை இருந்தாலும் கெடுதல் இல்லை.

53 டிகிரி வரியைக் கவனியுங்கள். அது சரியான கோணத்தின் இரு மடங்கு. அங்கே லாபம் முழுதும் கரைந்து, படுக்கையாக இழுப்பதற்குச் சமமாகிவிடுகிறது. அதற்கு மேல் போனால் நட்டம். எந்தத் தரைக்கும் இப்படித்தான்: சரியான கோணத்தைக் கண்டுபிடியுங்கள், அதன் இரு மடங்கைத் தாண்டாதீர்கள்.

ஓடும்போது குணகம் 0.4 ஆகக் குறைவதால் சரியான கோணமும் 21.8 டிகிரிக்கு இறங்கும். அதற்காகக் கயிற்றை மாற்றிக் கட்ட வேண்டுமா? வேண்டாம். 26.6-லேயே இழுத்தால் 29.8 கிலோ, 21.8-இல் இழுத்தால் 29.7. நகரத் தொடங்கும் எண்ணுக்கே கோணத்தை வைத்துக்கொள்ளுங்கள், கஷ்டமான நொடி அதுதான்.

## 6. முடிச்சை எந்த உயரத்தில் போடுவது

கோணம் சரியாக இருந்தும் பெட்டி முன்னால் முட்டிக் கவிழப் பார்த்தால் குற்றம் முடிச்சின் உயரத்தில் இருக்கிறது. வாகான உயரத்தைக் காண எளிய வழி: கயிற்றின் கோட்டை மனதால் பெட்டிக்குள் பின்னோக்கி நீட்டுங்கள். அது எடைமையத்துக்கு நேர் கீழே தரையைத் தொட வேண்டும். அப்போது பெட்டியின் அடிப்பாகத்தில் முன்னும் பின்னும் அழுத்தம், இழுக்காமல் வைத்திருந்தபோது இருந்த பங்கிலேயே இருக்கும். முன்விளிம்பு கூடுதலாக அமுங்காது.

நம் பெட்டியில் எடைமையம் முன்முகத்திலிருந்து 33 செ.மீ. உள்ளே. ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் உயரும் கயிறு, 33 செ.மீ.யில் 16.5 செ.மீ. உயரும். ஆகவே தரையிலிருந்து 16 செ.மீ. உயரத்தில் கட்டுங்கள். 12-இல் கட்டினாலும் நல்லதுதான், முன்விளிம்பு இன்னும் லேசாகி, பிசிறுகளின் மேல் ஏறிப் போகும்.

உயரத்தில் கட்டினால் என்ன ஆகும்? சமமான தரையில் இந்தப் பெட்டி கவிழ, முடிச்சு 82 செ.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். கேட்பதற்கு நிறைய இடம் இருப்பது போலத் தெரியும். ஆனால் முன்விளிம்பு ஒரு கல்லில் மாட்டிக்கொண்டால் நீங்கள் இரு மடங்கு பலத்தோடு இழுப்பீர்கள், அந்த 82 பாதியாகக் குறைந்துவிடும். உயரமான ஒடுங்கிய பெட்டிகள் கவிழ்வது இப்படித்தான். மேல்பக்கக் கைப்பிடியில் கயிறு கட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தக் கைப்பிடி தூக்குவதற்கு வைத்தது.

ஆணியில் மட்டும் கயிற்றை மாட்டாதீர்கள். ஆணி மெல்ல மெல்ல வெளியே வந்து, ஒரு கட்டத்தில் உங்களைப் பார்த்துப் பறக்கும். கயிற்றைப் பெட்டியின் பின்னால் சுற்றி, இரு பக்கமும் கொண்டுவந்து முன்னால் சேர்த்துக் கட்டுங்கள். பக்கவாட்டில் நழுவி மேலே ஏறாமலிருக்க 16 செ.மீ. உயரத்தில் ஒரு சட்டத்தை அறைந்து, அதன் அடியில் கயிற்றை ஓட்டலாம். இரு பக்கக் கயிறும் முன்னால் சேரும் இடம் பெட்டியிலிருந்து பெட்டியின் அகலத்தைவிடத் தள்ளி இருக்கட்டும். நெருங்கினால் கயிறுகள் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும், உங்கள் பலத்தில் ஒரு பகுதி அங்கேயே வீணாகும்.

## 7. கயிற்றின் நீளத்தை வெட்டுங்கள்

கோணத்தைப் பிடித்து வைப்பது கை அல்ல, கயிற்றின் நீளம். நீளம் சரியாக இருந்தால் நடக்கும்போது கோணத்தைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை.

இழுக்கும் நிலையில் கயிறு உங்கள் உடலைத் தொடும் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். தோளில் போட்டு முன்னால் சாய்ந்து இழுத்தால் பலருக்கு அது 115 செ.மீ. அளவில் இருக்கும். நிமிர்ந்து நின்று அளக்காதீர்கள், சாய்ந்தால் தோள் இறங்கும். அதிலிருந்து முடிச்சின் உயரத்தைக் கழியுங்கள்: 115 − 16 = 99, ஏறத்தாழ ஒரு மீட்டர். ஒரு மீட்டர் உயர்வுக்கு இரண்டு மீட்டர் முன்னால் போக வேண்டும். சாய்வான கயிற்றின் நீளம்:

```
L = √(1² + 2²) = 2.24 மீட்டர்
```

பெட்டியிலிருந்து தோள் வரை இரண்டேகால் மீட்டர். பெட்டியைச் சுற்றவும், முடிச்சுக்கும், தோளில் போடும் வளையத்துக்கும் சேர்த்துத்தான் 6 மீட்டர் வாங்கச் சொன்னது. தோள் வளையத்தில் பழைய சாக்கை மடித்துச் சுற்றிக்கொண்டால் தோல் உரியாது.

கயிறு நீளமாகப் போவது பரவாயில்லை, குட்டையாகப் போவதுதான் தப்பு. ஐந்து மீட்டர் கயிறாக இருந்தால் கோணம் 11.5 டிகிரிக்கு இறங்கும், இழுப்பு 37 கிலோ. ஒரு கிலோ சொச்சம்தான் கூடுதல். 1.2 மீட்டர் கயிற்றில் கோணம் 56-ஐத் தாண்டிவிடும், இழுப்பு 41 கிலோ. படுக்கையாக இழுப்பதைவிட மோசம், போதாததற்குப் பெட்டி குதிகாலில் வந்து இடிக்கும்.

## 8. இழுக்கும்போது

கோணத்தின் பெரிய லாபம் பெட்டியில் இல்லை, உங்கள் காலில் இருக்கிறது. இழுக்க முடியாமல் நிற்பவர்களில் பலருக்குப் பலம் போதாமல் இல்லை. செருப்பு வழுக்குகிறது.

60 கிலோ எடையுள்ள ஒருவர் படுக்கையாக 40 கிலோ இழுக்கிறார் என்றால், அவர் பாதமும் தரையை 40 கிலோ பின்னால் தள்ள வேண்டும். பாதத்தின் மேல் இருப்பது 60 கிலோ. 40 ÷ 60 = 0.67. பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் குணகம் அவ்வளவாவது இருக்க வேண்டும். மணல் தூசி படிந்த களத்தில் ரப்பர் செருப்புக்கு அது கிடைப்பது சந்தேகம்.

அதே ஆள் 26.6 டிகிரியில் 35.8 கிலோ இழுத்தால், அதில் முன்னோக்கிய பங்கு 32, மேல்நோக்கிய பங்கு 16. அந்த 16 கிலோ பெட்டியை மேலே தாங்குகிறது, அதே சமயம் இழுப்பவரைக் கீழே அழுத்துகிறது. பாதத்தின் மேல் இப்போது 76 கிலோ. 32 ÷ 76 = 0.42. பெட்டியில் பத்து விழுக்காடுதான் மிச்சம், காலில் தேவைப்படும் பிடிப்போ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. வழுக்கிய இடத்தில் கால் நிற்பதை உடனே உணரலாம்.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு ஒருவரே இழுக்கக் கிளம்ப வேண்டாம். 36 கிலோ இழுப்பைத் தொடர்ந்து தாங்குவது முதுகுக்கு நல்லதல்ல. இருவராக இழுங்கள். ஒருவர் பின்னால் ஒருவராக ஒரே கயிற்றில் நின்றால் முன்னவரின் கோணம் தாழ்ந்துவிடும். அருகருகே ஆளுக்கொரு கயிறு, இரண்டும் ஒரே நீளம், ஏறக்குறைய இணையாக. இருவரும் V வடிவில் விலகி நடக்கக் கூடாது.

தொடங்கும்போது கயிற்றைத் தளர விட்டுச் சுண்டாதீர்கள். முதலில் கயிற்றை விறைப்பாக்கி, உடலை முன்னால் சாய்த்து, எடையைக் கொடுங்கள். பெட்டி விடுபட்டதும் தேவை 36-இலிருந்து 30-க்குச் சட்டென்று இறங்கும். இது தெரியாமல் முழுப் பலத்தோடு சாய்ந்திருப்பவர்தான் முன்னால் விழுவார். ஒரு காலை எப்போதும் முன்னால் ஊன்றி வையுங்கள். நகர்ந்த பெட்டியை நிறுத்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். நிறுத்தும் ஒவ்வொரு முறையும் மறுபடி 36 கொடுக்க வேண்டும்.

## 9. இந்த விதி மாறும் இடங்கள்

மேடு. தரை சாய்வாக ஏறினால் கோணத்தைச் சாய்ந்த தரையிலிருந்து அளக்க வேண்டும், படுமட்டத்திலிருந்து அல்ல. 5 டிகிரி ஏற்றத்தில் கயிறு படுமட்டத்துக்கு 31.6 டிகிரி இருக்கும். நம் பெட்டிக்கு 41.9 கிலோ வேண்டும். கயிற்றை ஏற்றத்துக்கு இணையாகப் பிடித்தால் 46.8. நீங்களும் அதே ஏற்றத்தில் நின்றிருந்தால் முன்பு வெட்டிய கயிறே பொருந்தும், பாதமும் தரையும் சேர்ந்தே சாய்ந்திருக்கின்றன. ஏற்றம் தொடங்கும் விளிம்பில் மட்டும் கவனம்: நீங்கள் மேலே ஏறிவிட்டீர்கள், பெட்டி இன்னும் கீழே இருக்கிறது என்றால் கோணம் கூடிவிடும்.

இளகிய மண். உழுத நிலம், ஈர மண், ஆற்று மணல் இவற்றில் பெட்டி வழுக்குவதில்லை, மண்ணை உழுதுகொண்டு போகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது? முன்விளிம்புக்கு முன்னால் மண் குவியும், போகப் போகத் தராசு எண் இறங்காமல் ஏறும். இங்கே tan θ = μ என்ற கணக்கை நம்ப முடியாது. கயிற்றைக் கணக்கு சொல்வதைவிடக் குட்டையாக்கி, முடிச்சைத் தரையை ஒட்டிக் கீழே இறக்குங்கள். முன்விளிம்பு எழும்பினால் உழுவது நிற்கும். 30, 35, 40 டிகிரியில் தராசோடு இழுத்துப் பார்த்து, எது குறைவோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல வழி வழவழப்பான பலகை இரண்டை அடியில் போடுவது. பலகையின் மேல் குணகம் 0.3-க்கு இறங்கினால் கயிறு 3.5 மீட்டர் வேண்டியிருக்கும், ஆனால் இழுப்பு 23 கிலோதான். எந்தக் கோணமும் தராத லாபம் அது.

பின்னாலிருந்து தள்ளுவது. ஒருவர் இழுக்க இன்னொருவர் தள்ளுவார், அவர் பெட்டியின் மேல்விளிம்பில் கைவைத்துக் குனிந்து தள்ளுவார். அவர் விசை கீழ்நோக்கிப் போகிறது, பெட்டியைத் தரையோடு அழுத்துகிறது. 30 டிகிரி கீழ்நோக்கித் தனியாகத் தள்ளினால் நம் பெட்டிக்கு 65 கிலோ வேண்டும், சரியான கோணத்தில் இழுப்பதைப் போல 1.8 மடங்கு. 63 டிகிரிக்கு மேல் செங்குத்தாகச் சாய்ந்து தள்ளினால் எவ்வளவு பலம் கொடுத்தாலும் பெட்டி நகரவே நகராது. உதவிக்கு வருபவர் பின்பக்கம் உட்கார்ந்த நிலைக்கு இறங்கி, அடிவிளிம்பைப் பிடித்துச் சற்றுத் தூக்கினாற்போல் தள்ளட்டும். முடியாது என்றால், அவருக்கும் ஒரு கயிறு கொடுத்து முன்னால் அழைத்துக்கொள்ளுங்கள்.